கேஸ் வாடைக்கு டியூப்தான் காரணமா? மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரத்தில் கேஸ் அடுப்பு ரிப்பேர் வேலை பார்க்கிறேன். "அண்ணாச்சி, அடுக்களையில வாடை வருது, டியூப மாத்தணும்" என்றுதான் பாதிப் பேர் கூப்பிடுவார்கள். வாடை வருவது உண்மையாக இருக்கும். ஆனால் காரணம் டியூப்தான் என்று போன் பண்ணும்போதே முடிவு செய்துவிடுகிறார்கள். டியூபை மாற்றுவார்கள், வாடை போகாது, அப்புறம் ரெகுலேட்டரை மாற்றுவார்கள். இதற்கிடையில் கசிவு இருந்த இடம் அப்படியே இருக்கும். புது டியூபும் தரம் குறைந்ததாக அமைந்துவிட்டால், இருந்த ஒரு கோளாறு இரண்டாகிவிடும். கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டில் சரியாக இப்படித்தான் நடந்தது. அந்த வீட்டை வைத்தே சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. இதை நீங்கள் படிக்கும் இந்த நேரத்தில் வீட்டில் வாடை பலமாக அடித்தால் எந்தச் சோதனையும் வேண்டாம். ரெகுலேட்டரை ஆஃப் செய்யுங்கள், கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள், லைட் ஸ்விட்ச், ஃபேன், ஃப்ரிட்ஜ் பிளக் எதையும் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். பூஜை விளக்கு எரிந்தாலோ, பக்கத்தில் விறகடுப்பில் கங்கு கிடந்தாலோ வீட்டில் இருப்பவர்களைக் கூட்டிக்கொண்டு உடனே வெளியே வந்துவிடுங்கள். வெளியே வந்த பிறகு போனில் 1906 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். கேஸ் கசிவுக்கென்றே உள்ள அவசர எண் அது. கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவித் தாழ்வான இடத்தில் தேங்கும். மூக்குக்கு எட்டும் உயரத்தில் லேசான வாடை என்றால் கீழே அதைவிட அதிகமாக இருக்கலாம்.

கீழே சொல்லும் சோதனை எல்லாம் எப்போதாவது லேசாக வந்து போகும் வாடைக்கும், வாடையே இல்லாமல் டியூபின் வயதைப் பார்ப்பதற்கும்தான்.

வாடை எப்போது வருகிறது?

எங்கே வாடை வருகிறது என்று மூக்கை வைத்துத் தேடுவதைவிட, எப்போது வருகிறது என்று கவனித்தால் சீக்கிரம் பிடிபடும். ரெகுலேட்டர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது புரியும்.

வீட்டுச் சிலிண்டரின் வால்வுக்குள் நடுவில் ஒரு சிறிய ஊசி இருக்கிறது. ஸ்பிரிங் அதை மேலே தள்ளி வால்வை மூடியே வைத்திருக்கும். ரெகுலேட்டரை மாட்டித் திருகை ஆன் பக்கம் திருப்பும்போது, ரெகுலேட்டருக்குள் இருக்கும் ஒரு தண்டு இறங்கி அந்த ஊசியை அழுத்தும். அப்போதுதான் கேஸ் வெளியே வரும். ஆஃப் செய்தால் தண்டு மேலே போகும், வால்வு தானாக மூடிக்கொள்ளும். ஆக, ரெகுலேட்டர் ஆஃபில் இருக்கும்போது ரெகுலேட்டருக்கும் டியூபுக்கும் புதிதாகக் கேஸ் வரவே கூடாது.

இதிலிருந்து மூன்று நிலைகள் கிடைக்கின்றன.

முதல் நிலை, ராத்திரி ரெகுலேட்டரை ஆஃப் செய்துவிட்டுப் படுத்தும் காலையில் வாடை வருகிறது. அப்படியானால் டியூபைக் குற்றம் சொல்ல முடியாது. ஒன்று சிலிண்டர் வால்வு சரியாக மூடவில்லை, அல்லது ரெகுலேட்டரின் தண்டு முழுதாக மேலே போகாமல் ஊசியை அழுத்திக்கொண்டே இருக்கிறது.

இரண்டாவது, ரெகுலேட்டர் ஆனில் இருக்கிறது, அடுப்பின் திருகுகள் எல்லாம் மூடியிருக்கின்றன, அப்போது வாடை வருகிறது. வால்வும் ரெகுலேட்டரும் சேரும் இடம், ரெகுலேட்டரின் உடம்பு, டியூப், அடுப்பின் திருகு என நான்கு இடத்தில் எங்கே வேண்டுமானாலும் கசிவு இருக்கலாம். சோப்புத் தண்ணீர் இங்கேதான் தேவைப்படும்.

மூன்றாவது, அடுப்பு எரியும்போது மட்டும் வாடை வருகிறது. இது பெரும்பாலும் பர்னர் அடைப்பாலோ, பர்னர் சரியாக உட்காராததாலோ கேஸ் முழுதாக எரியாமல் வருவது. டியூபை மாற்றி ஒரு பயனும் இருக்காது.

கல்லிடைக்குறிச்சி வீட்டுக்கு நான் போனபோது அந்த அக்கா கேட்டது இதுதான்: "டியூப மாத்தி நாலு நாளாச்சு அண்ணாச்சி, இன்னும் வாடை போகலை. ரெகுலேட்டரையும் மாத்திரலாமா, என்ன சொல்லுதிய?"

"எப்பக்கா வருது? ராத்திரியா, பகலா?"

அவர் யோசித்துச் சொன்னார். ராத்திரி ஆஃப் செய்துவிடுவார்கள், காலையில் அடுக்களைக்குள் போகும்போது ஒன்றும் இல்லை. காபி போட்டு முடித்து அடுப்பை மட்டும் அணைத்துவிட்டு ரெகுலேட்டரை அப்படியே விட்டுவிடுவார்கள். பத்து மணிவாக்கில் சிலிண்டர் பக்கம் குனிந்தால் வாடை. சிலிண்டர் மாற்றி எத்தனை நாள் என்று கேட்டேன், ஒரு வாரம் என்றார். வாடை தொடங்கியதும் ஏறக்குறைய அப்போதிருந்துதான்.

இரண்டாவது நிலை, அதுவும் புதுச் சிலிண்டர் மாட்டியதிலிருந்து. டியூபைத் தொடும் முன்பே எனக்குச் சந்தேகம் வேறு இடத்துக்குப் போய்விட்டது.

சோப்புத் தண்ணீர் வைத்துப் பார்ப்பது

அரை டம்ளர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு ஸ்பூன் விட்டுக் கலக்கினால் போதும். நுரை மேலே திரண்டு நிற்கக் கூடாது. நுரையே குமிழி மாதிரி தெரிந்து ஏமாற்றும். கலக்கி இரண்டு நிமிடம் அமரவிட்டு, பழைய பெயின்ட் பிரஷ்ஷாலோ பஞ்சாலோ தொட்டுத் தடவுங்கள். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பூஜை விளக்கும் விறகடுப்பும் அணைந்திருக்க வேண்டும். தீக்குச்சி உரசிப் பார்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

அடுப்புத் திருகுகளை மூடி, ரெகுலேட்டரை ஆன் செய்துவிட்டு இந்த வரிசையில் தடவுங்கள்: வால்வும் ரெகுலேட்டரும் சேரும் வளையம், ரெகுலேட்டரின் மேல்பக்கம், டியூப் ரெகுலேட்டரின் மூக்கில் ஏறும் இடம், டியூப் முழுவதும், அடுப்பின் பின்னால் டியூப் ஏறும் இடம், கடைசியாக அடுப்பின் திருகுகள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடமாவது நின்று பாருங்கள். தடவியதும் தெரியும் குமிழி ஒன்றும் சொல்லாது, அது பிரஷ் போட்டது. அதே இடத்தில் திரும்பத் திரும்பப் புதிதாக முளைத்து வளரும் குமிழிதான் கசிவு.

ஏன் இத்தனை பொறுமை வேண்டும் என்றால், ரெகுலேட்டருக்கு அடுத்த பக்கம் அழுத்தம் மிகக் குறைவு. சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம். சுமார் ஒரு அடி உயரத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தம்தான் அது. டியூபில் மயிரிழை வெடிப்பு இருந்தால் அந்த அழுத்தத்துக்குக் குமிழி ஒவ்வொன்றாகத்தான் வரும். ஆனால் ரெகுலேட்டருக்கு முன்னால், சிலிண்டர் பக்கம், அழுத்தம் பல கிலோ. அதனால் வால்வும் ரெகுலேட்டரும் சேரும் இடத்தில் சின்னக் கீறல் இருந்தாலும் கேஸ் அதிகம் வரும், சில நேரம் காதுக்கே "ஸ்ஸ்" என்று கேட்கும்.

கல்லிடைக்குறிச்சியில் முதல் தடவலிலேயே தெரிந்துவிட்டது. வளையத்தைச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் கடுகு கடுகாகக் குமிழி முளைத்துச் சேர்ந்து பெரிதாகி உடைந்தது. உடனே ஆஃப் செய்தேன். குமிழி நின்றுவிட்டது. அதாவது வால்வு ஒழுங்காக மூடுகிறது, ஆனில் இருக்கும்போது மட்டும்தான் கசிகிறது. ரெகுலேட்டரைக் கழற்றி, டார்ச் அடித்து வால்வுக்குள் பார்த்தேன். உள்சுவரில் ஒரு கருப்பு ரப்பர் வாஷர் வளையமாக உட்கார்ந்திருக்கும். அதில் ஒரு இடத்தில், கறிவேப்பிலை நரம்பு அளவுக்கு, குறுக்கே ஒரு வெட்டு.

இந்த வாஷர் சிலிண்டரோடு வருவது, நம் ரெகுலேட்டரோடு சேர்ந்ததல்ல. அதனால்தான் டியூபை மாற்றியும் வாடை போகவில்லை, ரெகுலேட்டரை மாற்றியிருந்தாலும் போயிருக்காது. நாமாக இன்னொரு வாஷரை வாங்கி உள்ளே திணிக்கவும் கூடாது. நூலில் கட்டித் தொங்கும் வெள்ளை மூடியை வால்வின்மேல் "டக்" என்று விழும்வரை அழுத்திவிட்டு, ஏஜென்சிக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் ஆள் வந்து வாஷரை மாற்றுவார், அல்லது சிலிண்டரையே மாற்றித் தருவார். அடுத்த தடவை சிலிண்டர் வரும்போது, கொண்டுவருபவர் வாசலைத் தாண்டும் முன் மூடியைத் திறக்கச் சொல்லி அந்த வாஷர் இருக்கிறதா, கிழிசல் இல்லையா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அரை நிமிட வேலை.

ரெகுலேட்டரிலிருந்து சத்தமோ குமிழியோ வந்தால்

ரெகுலேட்டரின் மேல் மூடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். அடைத்துக்கொண்ட ஓட்டை என்று நினைத்துச் சிலர் அதைக் குத்திச் சுத்தம் செய்கிறார்கள். சிலர் அதில் எம்-சீல் வைத்து மூடியே விடுகிறார்கள். இரண்டும் ஆபத்து.

ரெகுலேட்டருக்குள் ஒரு ரப்பர் தகடு இருக்கிறது. அதன் கீழ்ப்பக்கம் கேஸ், மேல்பக்கம் வெளிக்காற்று. கேஸ் அழுத்தம் கூடினால் தகடு மேலே எழும்பி வழியைக் குறைக்கும், அழுத்தம் குறைந்தால் இறங்கி வழியைத் திறக்கும். தகடு மேலும் கீழும் போகும்போது மேல்பக்கக் காற்று போய்வரத்தான் அந்த ஓட்டை. அதிலிருந்து கேஸ் வருகிறது என்றால் தகடு கிழிந்துவிட்டது என்று பொருள். ஓட்டையை மூடினால் வாடை நிற்கலாம், ஆனால் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேலையும் அதோடு கெட்டுவிடும். ஊசியால் குத்தினால் நல்ல தகடே கிழியும். ஓட்டையின் மேல் வைத்த சோப்புத் தண்ணீர் குமிழியாக வளர்ந்தால் ரெகுலேட்டரை மாற்றியே ஆக வேண்டும், அதைத் திறந்து சரிசெய்ய வீட்டில் ஒரு வழியும் இல்லை.

இதே தகட்டுக் கோளாறு தீயிலும் தெரியும். இரண்டு பர்னரிலும் தீ திடீரென்று உயர்ந்து, தணிந்து, மறுபடி உயர்ந்தால் ரெகுலேட்டரைச் சந்தேகப்படுங்கள். ஒரு பர்னரில் மட்டும் என்றால் அது அந்த பர்னரின் கோளாறு. இரண்டிலும் தீ சின்னதாக இருந்தால், ரெகுலேட்டரைக் குறை சொல்லும் முன் டியூப் எங்கேயாவது மடங்கியிருக்கிறதா, சிலிண்டர் தீரப்போகிறதா என்று பாருங்கள்.

ரெகுலேட்டரின் திருகு சரியாக மூடுகிறதா என்று தெரிய ஒரு எளிய சோதனை. சின்ன பர்னரை எரியவிட்டு, அடுப்புத் திருகைத் தொடாமல் ரெகுலேட்டரை மட்டும் ஆஃப் செய்யுங்கள். டியூபில் மிச்சம் இருக்கும் கேஸ் மிகக் கொஞ்சம்தான், சில நொடிகளில் தீ தணிந்து அணைந்துவிட வேண்டும். பொடித் தீயாக எரிந்துகொண்டே இருந்தால் அந்த ரெகுலேட்டர் ஆஃபிலும் கேஸை விடுகிறது. சோதனை முடிந்ததும் அடுப்புத் திருகையும் மறக்காமல் மூடுங்கள்.

ரெகுலேட்டர் வால்வின்மேல் லேசாகச் சுழல்வதைப் பார்த்துப் பயப்படுபவர்கள் உண்டு. சுழலலாம், அது அதன் அமைப்பு. கழன்று வருவதுதான் தப்பு. ஆஃபில் வைத்து, கீழே உள்ள கருப்பு வளையத்தைத் தூக்காமல் ரெகுலேட்டரை மட்டும் மேலே இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் வளையத்தின் பிடிமானம் தேய்ந்துவிட்டது.

மாற்ற வேண்டியது உறுதியானால் கேஸ் புத்தகத்தையும் பழைய ரெகுலேட்டரையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஏஜென்சிக்கே போங்கள். ரெகுலேட்டர் நாம் டெபாசிட் கட்டி வாங்கியிருப்பது, உங்கள் இணைப்பின் பேரில் இருப்பது. கடையில் தொங்கும் எதையோ வாங்கி மாட்டக் கூடாது. அதிலும் கல்யாண வீட்டுச் சமையலுக்கும் ஹோட்டல் அடுப்புக்கும் உள்ள, அழுத்தத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் ஹை பிரஷர் ரெகுலேட்டர் இருக்கிறதே, அது வீட்டு அடுப்புக்கு ஒருபோதும் ஆகாது. அப்பளம் பொரிக்கத் தீ பலமாக வரும் என்று ஒருவர் அதை மாட்டி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு அடித் தண்ணீர் அழுத்தத்துக்கென்று செய்த அடுப்பும் டியூபும் அதற்குப் பல மடங்கு அழுத்தத்தைத் தாங்க வேண்டி வரும்.

டியூபில் வெடிப்பு தெரிந்தால், அல்லது தெரியாவிட்டாலும்

டியூபை நடுவில் பார்த்து "நல்லாத்தான இருக்கு" என்று விட்டுவிடுகிறார்கள். நடுப்பகுதி கடைசியில்தான் கெடும். ரப்பர் வெடிப்பது அது இழுபட்டு நிற்கும் இடத்தில். டியூபில் அப்படி இழுபடுவது இரண்டு இடங்கள். ஒன்று, மூக்கில் ஏறி விரிந்து நிற்கும் இரண்டு நுனிகள். அங்கே வெடிப்பு டியூபின் நீளவாக்கில் வரும். இன்னொன்று, வளைந்து திரும்பும் இடத்தின் வெளிப்பக்கம். அங்கே வெடிப்பு குறுக்குவாக்கில், வளையம் வளையமாக வரும். சிலிண்டரை மேடைக்கு அடியில் நெருக்கித் தள்ளிவைக்கும் வீடுகளில், ரெகுலேட்டரிலிருந்து இரண்டு விரற்கடை தூரத்தில் டியூப் சடக்கென்று திரும்பும். முதலில் கெடுவது அந்த இடம்தான்.

நம் பக்கம் அக்னி நட்சத்திரத்தில் ஓட்டுக்கூரை அடுக்களை எப்படிக் காயும் என்று சொல்ல வேண்டியதில்லை. சூடு ரப்பரை இறுக்கும். எண்ணெய் தெறித்தால் ரப்பர் ஊறிப் பிசுபிசுக்கும். அப்பளமும் வடகமும் பொரிக்கும் வீடுகளில் இரண்டும் சேர்ந்தே நடக்கும், டியூபின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு, அதன்மேல் தூசி, அடியில் வெடிப்பு. ஆகவே முதலில் சோப்புத் துணியால் துடைத்துவிட்டு அப்புறம் பாருங்கள். டியூபுக்கு மேல் துணி உறையோ பிளாஸ்டிக் சுருளோ போட்டிருந்தால் கழற்றி எறியுங்கள். அழகாகத்தான் இருக்கும், ஆனால் வெடிப்பை மறைக்கும்.

சோதிக்க, ரெகுலேட்டரை ஆஃப் செய்து கழற்றி, வால்வுக்கு மூடி போட்டுவிட்டு, டியூபை இரண்டு பக்கமும் மெல்லத் திருகி இழுத்து எடுங்கள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், ஒரு எவர்சில்வர் டம்ளரைச் சுற்றி வளைக்கிற மாதிரி நுனியிலிருந்து ஒவ்வொரு சாணாக வளைத்துப் பாருங்கள். நேராக இருக்கும்போது மூடிக்கிடக்கும் வெடிப்பு, வளைத்தால் வாயைத் திறக்கும். நகத்தால் ஒரு இடத்தில் அழுத்திவிட்டு எடுங்கள். உயிருள்ள ரப்பரில் நகம் கொஞ்சம் பதிந்து, உடனே மேலே வந்துவிடும். நகமே பதியவில்லை என்றால் இறுகிவிட்டது, பதிந்த தடம் அப்படியே நின்றால் ஊறிவிட்டது. நுனியைப் பாருங்கள், மூக்கிலிருந்து எடுத்த பிறகும் நாகசுரத்தின் வாய் போல விரிந்தே நின்றால் பிடிமானம் போய்விட்டது. எலி கடித்தோ, சட்டி சூடு பட்டோ உள்ளே இருக்கும் கம்பி வலை ஒரு இடத்தில் தெரிந்தாலும் அதோடு முடிந்தது.

"நுனிய மட்டும் வெட்டிட்டுப் போட்டா என்ன?" என்று கேட்பார்கள். நுனி வெடித்தது வயதால், மிச்சம் இருக்கும் டியூபுக்கும் அதே வயதுதான். இரண்டு துண்டு டியூபை நடுவில் ஒட்டுப்போட்டு நீட்டுவதும் கூடாது, மேலே டேப் சுற்றுவதும் கூடாது. இதில் பரிதாபப்பட இடமில்லை, மாற்றிவிடுங்கள்.

ஒரு வெடிப்பும் இல்லை, ஆனால் வயது ஆகிவிட்டது என்றால்? அதற்கும் மாற்ற வேண்டியதுதான். கம்பி வலை உள்ள ஆரஞ்சு நிற டியூபுக்கு ஐந்து ஆண்டு. வயதை எப்போது வாங்கினீர்கள் என்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், டியூபின் மேலேயே தயாரித்த ஆண்டு அச்சிட்டிருக்கும், அதைப் பாருங்கள்.

மாற்றப்போகும் டியூப் சரியானதுதானா?

வாஷரைக் கண்டுபிடித்த பிறகு, வந்ததுதான் வந்தோம் என்று கல்லிடைக்குறிச்சி வீட்டின் புது டியூபையும் பார்த்தேன். நிறம் ஆரஞ்சு. பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் நுனியிலிருந்து நுனிவரை திருப்பித் திருப்பிப் பார்த்தும் ஒரு எழுத்து அச்சிடவில்லை. வெட்டு முகத்தைப் பார்த்தேன், உள்ளே கம்பி வலை இல்லை. மூக்கில் தளர்வாக ஏறியிருந்ததை ஒரு இரும்புக் கிளிப் போட்டு இறுக்கியிருந்தார்கள், கிளிப்பின் விளிம்பு நாலே நாளில் ரப்பரைக் கொஞ்சம் வெட்டியிருந்தது. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டதற்கு ஏதோ ஒரு பாத்திரக் கடை என்றார்கள்.

அப்போது உள்ளே இருந்த ஆச்சி சொன்னார்: "ஐயா, பழைய டியூபு பொறவாசல்லதான் கிடக்கு, பாக்கியளா?"

எடுத்து வந்தார்கள். துடைத்துப் பார்த்தால் ஐ.எஸ்.ஐ முத்திரை, பக்கத்தில் ஐ.எஸ் 9573 என்ற எண், தயாரித்தவர் பெயர், ஆண்டு எல்லாம் தெளிவாக இருந்தது. கணக்குப் பார்த்தால் இன்னும் இரண்டு ஆண்டு பாக்கி. டம்ளர் சுற்றி வளைத்தேன், ஒரு வெடிப்பு இல்லை. குற்றமே செய்யாத டியூபைத் தூக்கி எறிந்துவிட்டு, ஆகாத டியூபை மாட்டியிருக்கிறார்கள். எனக்கு மனசே கேட்கவில்லை.

ஆகவே வாங்கும்போது பார்க்க வேண்டியது இவ்வளவுதான். நிறத்தை நம்பாதீர்கள், அச்சைப் படியுங்கள்: ஐ.எஸ்.ஐ முத்திரை, 9573 என்ற எண், தயாரித்த ஆண்டு. வெட்டு முகத்தில் ரப்பருக்கு நடுவே கம்பி வலை தெரிய வேண்டும். நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம், சிலிண்டரை அடுத்த அறையில் வைத்துச் சுவரைத் துளைத்து டியூபைக் கொண்டுவரும் யோசனையும் வேண்டாம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடி டியூப், மோட்டார் பம்புக்குப் போடும் பச்சை டியூப் இதெல்லாம் தண்ணீருக்குச் செய்தவை. கேஸுக்கு ஆகாது, சூடு பட்டால் இளகும். ஏஜென்சியிலேயே வாங்குவதுதான் நல்லது, சிலிண்டர் கொண்டுவருபவரிடம் சொன்னாலும் கொண்டுவந்து தருவார்.

மாட்டுவது

புது டியூபின் நுனி மூக்கில் ஏறாமல் முரண்டு பிடித்தால் அது நல்ல அறிகுறி. சுடுதண்ணீரில் நுனியை அரை நிமிடம் முக்கி, துடைத்து, உடனே திருகிக்கொண்டே செருகுங்கள். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், அதுவே ரப்பரைக் கெடுக்கும், வழுக்கிக் கழன்றும் வரலாம். மூக்கில் வரிவரியாக இருக்கும் மேடுகள் எல்லாவற்றையும் தாண்டி டியூப் உள்ளே போயிருக்க வேண்டும். கையால் இழுத்தால் அசையக் கூடாது. தளர்வான டியூபைக் கிளிப் காப்பாற்றாது. செருகும் முன் ரெகுலேட்டரின் மூக்கையும் அடுப்பின் மூக்கையும் விரலால் தடவிப் பாருங்கள், துருவோ நெளிவோ இருந்தால் புது டியூபும் அங்கே கசியும்.

டியூப் பர்னருக்குக் கீழே, அடுப்பின் உடம்பில் உரசாமல், கண்ணுக்குத் தெரியும்படி, பெரிய வளைவாகத் தொங்க வேண்டும். மாட்டியபின் மறுபடி சோப்புத் தண்ணீர், அதே வரிசையில்.

அன்றைக்கு அந்த வீட்டில் ஏஜென்சியிலிருந்து ஆள் வந்து வாஷரை மாற்றினார், முத்திரை உள்ள டியூபும் கொண்டுவந்திருந்தார். பழைய டியூபையே மாட்டிவிடலாமே என்று அக்கா கேட்டார். கேட்டது நியாயம்தான். ஆனால் நாலு நாள் பொறவாசல் வெயிலில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் கிடந்திருக்கிறது, யார் மிதித்தார்கள், எது கடித்தது என்று தெரியாது. நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புதியதை மாட்டி, வளையம், மேல் ஓட்டை, இரண்டு நுனி, டியூப், திருகுகள் எல்லாவற்றையும் தடவி, பத்து நிமிடம் ஆனில் விட்டுப் பார்த்தோம். குமிழி ஒன்றும் வளரவில்லை. ஆச்சி கேஸ் புத்தகத்தின் உள்ளட்டையில் டியூபில் இருந்த ஆண்டையும், அதற்குப் பக்கத்தில் ஐந்து கூட்டி வரும் ஆண்டையும் பேரனை விட்டு எழுதச் சொன்னார்.